நான்காம் எழுத்தில் நின்ற குதிரை

ஒரு குதிரையின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

அதன் பெயர் பாக்சர். உழைப்பதற்கென்றே அமைந்த உடல், உள்ளமோ வெள்ளை. பண்ணையின் விலங்குகள் எல்லாம் எழுத்தறியப் புறப்பட்ட காலத்தில் அதுவும் புறப்பட்டது. ஏ, பி, சி, டி என்னும் நான்கு எழுத்துகளைப் புழுதியிலே தன் பெரிய குளம்பால் எழுதிக் காட்டும். அடுத்தது என்ன? எண்ணும், ஏங்கும், வராது. எப்படியோ முயன்று அடுத்த நான்கு எழுத்துகளையும் கற்ற நாள்கள் உண்டு. ஆனால் அவை உள்ளே வந்தபோது முதல் நான்கும் வெளியே போயிருந்தன! கடைசியில், முதல் நான்கே போதும் என்று அந்த உழைப்பாளி அமைந்துவிட்டது.

இக்குதிரை வாழ்வது ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’ என்னும் ஆங்கிலப் புதினத்தில். பீகாரிலுள்ள மோதிகாரியில் 1903ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர் அவர். நூல் வெளிவந்தது 1945 ஆகஸ்டில். பத்தே இயல்கள், ஏறத்தாழ 30,000 சொற்கள். கொடுமைக்கார முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகள் தாமே பண்ணையை ஆளப் புறப்படுவதும், அவற்றுள் பன்றிகள் மெல்ல மெல்லப் புதிய முதலாளிகளாய் மாறுவதுமே கதை.

அந்தக் குதிரையைக் கண்டு முதலில் இரக்கப்பட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். ஏனெனில், அக்குதிரை வேறு எவருமல்ல, நான்தான்!

* * *

கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, பாடநூலின் ஆங்கிலத்தை மனப்பாடத்தால் கடந்து வந்தவன். இரண்டாம் ஆண்டில் ஓர் உறுதி பூண்டேன்: ஓர் ஆங்கிலப் புதினத்தையாவது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தே தீருவது! நூலகத்தில் கிடைத்தவற்றுள் மிகச் சிறியதாய் இருந்ததால் எடுத்தது ‘விலங்குப் பண்ணை’. துணைக்குத் தடித்ததோர் ஆங்கிலம்–தமிழ் அகராதி.

என் முறை இதுதான்: தெரியாத சொல் வந்தால் நில், அகராதியைத் திற, பொருளைக் கண்டுபிடி, பென்சிலால் ஓரத்தில் எழுது, மீண்டும் வா. எவ்வளவு நேர்மையான முறை! எவ்வளவு உழைப்பு! ஒன்பது இரவுகள் உழைத்தேன். பதினொரு பக்கங்கள் முடிந்தன. ஓரமெல்லாம் தமிழ் எறும்புகள் ஊர்ந்தன. பத்தாம் நாள் அறைத்தோழன் கேட்டான்: “கதை என்னடா?”

விழித்தேன். ஒரு பன்றி ஏதோ பேசுகிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் எழுதியவனுக்கு அந்தப் பன்றி என்ன பேசுகிறது என்பது தெரியவில்லை! புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ‘நமக்கு ஆங்கிலம் வராது’ என்று தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். நான்கு எழுத்தோடு அமைந்துவிட்டது குதிரை.

எங்கே பிழை? உழைப்பிலா? இல்லை. அறிவிலா? அதுவுமில்லை. கணக்கில்!

பாருங்கள். நூற்றுக்கு நான்கு சொற்கள் எனக்குத் தெரியாதவை என்று வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் சொற்களில் அது ஆயிரத்து இருநூறு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அகராதிக்குப் போய்வர ஒரு நிமிடம் என்றால், அதற்கு மட்டுமே இருபது மணி நேரம். நூலையோ, நிமிடத்துக்கு நூறு சொற்கள் என்னும் மெதுவான நடையில் படித்தால்கூட ஐந்தே மணி நேரத்தில் படித்துவிடலாம். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு இருபது மணி நேரச் சுங்கச்சாவடி! இன்று கைப்பேசியில் பொருள் பார்ப்போர், ஒரு நிமிடம் எதற்கு, பத்து நொடி போதுமே என்பர். நேரம் குறையும், உண்மை. அறுந்த நூல் ஒட்டுமா?

ஒட்டாது. ஏனெனில் மனத்தின் முன்கை சிறியது. ஒரு வாக்கியத்தின் எழுவாயை ஏந்திக்கொண்டு, பயனிலை வரும்வரை அது காத்து நிற்க வேண்டும். இடையில் அகராதிக்கு ஓடினால், ஏந்தியதைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஓடவேண்டும். திரும்பி வரும்போது சொல்லின் பொருள் கையில் இருக்கும். வாக்கியத்தின் தொடக்கம் இருக்காது. புதிய நான்கு வந்ததும் பழைய நான்கு போகிறது. பாக்சருக்கு நேர்ந்ததும் அதுதான், பாவியேன் எனக்கு நேர்ந்ததும் அதுதான்.

* * *

பட்டம் பெற்று, பயிற்சியும் முடித்து, இன்று கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருக்கிறேன். வகுப்பில் ஆங்கிலமும் என் பொறுப்பில் விழுந்தது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போனவன், தோற்ற நூலை மீண்டும் கையிலெடுத்தேன். இம்முறை அகராதியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தடப்பள்ளி வாய்க்கால் கரைக்குப் போய் உட்கார்ந்தேன்.

முதல் பக்கம். பண்ணையின் முதலாளி ஜோன்ஸ், இரவில் கோழிக் கூண்டுகளைப் பூட்டுகிறான். ஆனால் குடிமயக்கத்தில் ‘பாப்-ஹோல்’ என்பவற்றை மூட மறந்துவிடுகிறான். கையிலே விளக்கோடு முற்றத்தின் குறுக்கே ‘லர்ச்’ செய்து போகிறான். பின்வாசலில் காலணியைக் கழற்றி எறிகிறான். ‘ஸ்கல்லரி’யில் இருக்கும் பீப்பாயிலிருந்து கடைசிக் கோப்பை பீர் பிடித்துக் குடிக்கிறான், படுக்கைக்குப் போகிறான்.

மூன்று சொற்கள் எனக்குத் தெரியா. பழைய நானாக இருந்தால் மூன்று முறை நின்றிருப்பேன். இப்போது ஒவ்வொன்றையும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ‘வாக்கியத்தில் உனக்கு என்ன வேலை?’ பாப்-ஹோல் ஒரு பொருளின் பெயர், கோழிக் கூண்டில் இருப்பது, இரவில் மூடவேண்டியது. அது போதும். லர்ச் ஒரு செயல். குடித்தவன் முற்றத்தைக் கடக்கும் செயல். குடித்தவன் எப்படிப் போவான்? தள்ளாடித்தான் போவான். அது போதும். ஸ்கல்லரி ஓர் இடம். பின்வாசலுக்கு அருகே, பீப்பாய் வைக்கும் இடம். பாத்திரம் கழுவும் சிற்றறை என்று பிறகுதான் அறிந்தேன். ஆனால், அது பாத்திரம் கழுவும் அறையா, பண்டம் வைக்கும் அறையா என்பதை அறியாததால் கதையில் எனக்கு என்ன குறைந்தது? ஒன்றுமில்லை! முதலாளி குடித்துவிட்டான், கோழிகள் வெளிவர வழி திறந்திருக்கிறது, விலங்குகளின் கூட்டத்துக்கு வேளை வந்துவிட்டது. பக்கம் சொல்ல வந்தது அவ்வளவே.

இதே பக்கத்தைப் பின்னர் பதினொன்றாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். பாப்-ஹோல் என்ன என்று நான் வினவும் முன்பே கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். வீட்டில் ஆடும் கோழியும் வளர்ப்பவன். ஆங்கிலத் தேர்வில் அரும்பாடுபட்டுத் தேறுபவன். “கோழி பூந்து வர்ற சின்ன ஓட்டைங்க சார். அதைச் சாத்தாம உட்டா ராத்திரி கீரி பூந்துருமுங்க” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ‘ஏதோ ஒன்று’ என்று கடந்த சொல்லை, அந்தப் பிள்ளை கையால் தொட்டுக் காட்டிவிட்டான். அகராதி எல்லாம் அச்சிட்டுத்தான் இருக்கவேண்டுமா, தோழர்களே? வாழ்ந்தறிந்த வாழ்வும் ஓர் அகராதிதான். ஆகவே முதல் நூலை, நீங்கள் அறிந்த உலகம் நடமாடும் நூலாகத் தேர்ந்தெடுங்கள். பண்ணை தெரிந்தவனுக்குப் பண்ணைக் கதையில் பாதிச் சொற்கள் வழியில் வந்து தாமே வணக்கம் சொல்லும்.

* * *

ஆனால் எந்த நூலையும் இப்படித் தாவிப் படித்துவிடலாமா? முடியாது. இதற்கோர் எல்லை உண்டு.

மார்செல்லா ஹூ, பால் நேஷன் என்னும் ஆய்வாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு கதையை எடுத்து, அதிலுள்ள அரிய சொற்களை நீக்கி, யாருக்குமே பொருள் தெரியாத போலிச் சொற்களை அங்கே வைத்தார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாய்க் கற்போரிடம் அதைக் கொடுத்துப் புரிந்ததா என்று சோதித்தார்கள். ஐந்துக்கு ஒரு சொல் தெரியாதபோது எவருக்கும் கதை போதுமான அளவு புரியவில்லை. இருபதுக்கு ஒன்று தெரியாதபோது சிலருக்குப் புரிந்தது, பலருக்குப் புரியவில்லை. ஐம்பதுக்கு ஒன்று என்னும் அளவில்தான் பெரும்பாலோர் பிறர் துணையின்றிப் படிக்க முடியும் என்று கணக்கிட்டனர்.

இதன் காரணம் எளிது. தெரியாத சொல்லுக்குப் பொருளைத் தருவது அதைச் சுற்றி நிற்கும் தெரிந்த சொற்கள். நாற்பத்தொன்பது பேர் சேர்ந்து ஒருவனை அடையாளம் காட்டலாம். நால்வருள் இருவரே அயலார் என்றால் யார் யாரைக் காட்டுவது? ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கி, ஆசிரியர் எழுதாத கதை ஒன்றை நாமே எழுதிக்கொண்டு போவோம்!

ஆகவே நூலை எடுக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். நடுவிலே ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொற்களை எண்ணுங்கள். முந்நூறு சொற்கள் கொண்ட பக்கத்தில் ஐந்தாறு என்றால், எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பதினைந்தை நெருங்கினால் நடை தள்ளாடும். கதை தெரிந்த நூலாக இருந்தால் மட்டும் துணியலாம். அதற்கும் மேலே போனால் வைத்துவிடுங்கள். அது தோல்வியன்று, அந்த நூலுக்கு இன்னும் காலம் வரவில்லை, அவ்வளவே.

இந்த உண்மை நம் துணைக்கண்டத்து வகுப்பறையிலேயே நூறாண்டுக்கு முன் கண்டறியப்பட்டது என்பதை அறிந்தால் வியப்பீர்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட் என்பார், வங்காளப் பிள்ளைகள் ஆங்கில வாசகத்தில் இடறுவது ஏன் என்று ஆராய்ந்து, 1926இல் நூலாக எழுதினார். குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்று கண்டார். அரிய சொற்களும் புதிய சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அரியவற்றை அவர் எடுத்தார்; புதியவற்றை இடைவெளி விட்டு வைத்தார்; வைத்த சொல்லை மீண்டும் மீண்டும் வரச் செய்தார். எளிமையாக்கிய வாசக நூல்கள் அப்படித்தான் அவர் கையில் உருப்பெற்றன. அத்தகைய நூலைப் படிப்பதை இழிவாக எண்ணும் நம் இளைஞர், நீந்தக் கற்பவன் நேரே கொடிவேரி அணைக்கட்டின் அருவியிலா குதிக்கிறான் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

* * *

இனி, தாவிப் படிப்பதில் உள்ள இரண்டு குழிகளைச் சொல்லவேண்டும். இரண்டிலும் நான் விழுந்தவன்.

முதல் குழி, தெரிந்த முகத்தோடு வரும் தெரியாத சொல். இரண்டாம் இயலில், முதலாளியை விரட்டிய விலங்குகள் சேணம் வைக்கும் அறையை உடைத்து, உள்ளே இருந்த ‘பிட்’டுகள், மூக்கு வளையங்கள், நாய்ச் சங்கிலிகள் எல்லாவற்றையும் கிணற்றில் எறிகின்றன. பிட் எனக்குத் தெரிந்த சொல்லாயிற்றே! ‘சிறு துண்டு’ என்று பொருள். துண்டு துணுக்குகளை எறிந்தன போலும் என்று எண்ணி, தடையின்றி ஓடினேன். ஓடியபின் ஏதோ உறுத்தியது. மூக்கு வளையமும் சங்கிலியும் அடிமைத்தனத்தின் கருவிகள். அவற்றுக்கு நடுவே வெறும் துண்டுக்கு என்ன வேலை? திரும்பி வந்தேன். ஆடி மாதத்து அந்தியூர்க் குதிரைச் சந்தையில், குதிரையின் வாய்க்குள்ளே குறுக்காகக் கிடந்த இரும்பு நினைவுக்கு வந்தது. கடிவாளத்தின் வாயிரும்பு! அகராதியும் பிறகு அதையே சொல்லிற்று.

தெரியாத சொல் தன்னை மறைப்பதில்லை. ‘நான் அயலான்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கிறது. ஏமாற்றுவது உறவினன் வேடத்தில் வருபவனே. கண்டுகொள்வது எப்படி? வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் கருத்து கோணலாக நின்றால், அங்கே ஒரு வேடதாரி இருக்கிறான் என்று பொருள். நிற்கவேண்டிய இடம் அதுவே.

இரண்டாம் குழி இன்னும் ஆழமானது. அதைச் சொல்ல, என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் பட்டம் பெற்ற ஆண்டு. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மஞ்சள் காடு. பவர் டில்லர் வாங்கக் கடன் கேட்டிருந்தார். கடன் கொடுத்த நிறுவனத்தின் பத்திரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. “படிச்சுச் சொல்லு கண்ணு” என்று என் கையில் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு ஏர் பிடித்தவர். பட்டதாரி மகனிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி! மார்பு நிமிர்த்தி உட்கார்ந்தேன். ‘ஹைபாதிகேஷன்’ என்னும் ஒரு சொல் மலைபோல் நின்றது. பொருள் உரியவரிடமே இருக்க, அதன்மேல் கடன் கொடுத்தவருக்கு உரிமை எழுதித் தருவது என்று கண்டுபிடிப்பதற்குள் மாலை போயிற்று. மலையைக் கடந்த பெருமையில், அடுத்து வந்த சிறு வாக்கியத்தை ஓட்டமாய் ஓடிக் கடந்தேன். அதில் ஒரு கடின சொல்லும் இல்லை. ஆண்டுதோறும் பராமரிப்புத் திட்டக் கட்டணம், எழுத்து மூலம் அறிவித்தல் என்றெல்லாம் இருந்தது. நாம் எழுதிக் கேட்டால்தான் அந்தத் திட்டம் சேரும் என்று அப்பாவிடம் சொன்னேன். கையொப்பமிட்டார்.

இரண்டாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஆண்டுக்கு ரூ.4,800 வீதம் ரூ.9,600 கூடுதலாக ஏறியிருந்தது. பத்திரத்தை மீண்டும் எடுத்தேன். ‘அன்லெஸ்’ என்று ஒரு சொல் அங்கே அடக்கமாய் அமர்ந்திருந்தது. பள்ளியிலேயே படித்த சொல். வேண்டாம் என்று நாம் எழுதித் தந்தால் ஒழிய, கட்டணம் தானே சேரும் என்பதே அந்த வாக்கியத்தின் பொருள்! ‘இஃப்’ என்பதுபோல் அதை விழுங்கியிருந்தேன்.

அப்பா சினக்கவில்லை. “நீ படிச்சுத்தான கண்ணு சொன்னே” என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

அந்த வலியோடுதான் புதினத்தின் நடுப்பகுதியைப் படித்தேன். திடுக்கிட்டேன்! விரட்டப்பட்ட முதலாளிக்குப் பின் விலங்குகள் ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதிவைத்தன. எந்த விலங்கும் படுக்கையில் உறங்கக்கூடாது, மது அருந்தக்கூடாது, இன்னொரு விலங்கைக் கொல்லக்கூடாது. ஆளத் தொடங்கிய பன்றிகள் இவற்றை அழித்தனவா? அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் வாலிலும் இரண்டிரண்டு சொற்களை ஒட்டின. படுக்கையில், ‘விரிப்புகளோடு’ உறங்கக்கூடாது. மது, ‘அளவு கடந்து’ அருந்தக்கூடாது. ‘காரணமின்றி’க் கொல்லக்கூடாது. ஒட்டிய சொற்களில் ஒன்றாவது கடினமானதா? இல்லை! ஒரு குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். அவற்றால்தான் ஒரு பண்ணையே பறிபோயிற்று.

தோழர்களே, நான் கண்ட முடிவு இதுதான். நீளமான அயற்சொல்லை நீங்கள் தாவலாம். குட்டையான தெரிந்த சொல்லைத் தாவக்கூடாது. ‘நாட்’, ‘வித்அவுட்’, ‘அன்லெஸ்’, ‘ஹார்ட்லி’, ‘ஒன்லி’ — இவை வாக்கியத்தின் சுழல்கீல்கள். பொருளின் பெயர் தெரியாவிட்டால் படத்தில் ஒரு மூலை மங்கும்; கீல் தவறினால் கதவே எதிர்ப்பக்கம் திறக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாவும் முறை கதைக்கு உரியது. கடன் பத்திரத்துக்கு உரியதன்று. கதையில் ஒரு சொல் மங்கினால் அடுத்த பக்கம் விளக்கேற்றும். பத்திரத்தில் அடுத்த பக்கம் கையொப்பம்! அங்கே ஒவ்வொரு சொல்லிலும் நில்லுங்கள். தெரிந்தவரிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

* * *

பிள்ளைகளோடு நான் இன்று பின்பற்றும் முறையைச் சுருங்கச் சொல்வேன். ஓர் இயலை அகராதியின்றி முடிவுவரை படிக்கிறோம். தெரியாத சொல்லின் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. அதற்கு மேல் ஓர் எழுத்தும் எழுதுவதில்லை. இயல் முடிந்ததும் நூலை மூடிவிட்டு, நடந்தது என்ன, யார் செய்தது, எதனால் என்று தமிழில் சொல்கிறோம். சொல்ல முடிந்தால் மேலே போகிறோம். கதை எங்கே அறுகிறதோ, அந்தப் பக்கத்துக்கு மட்டும் திரும்புகிறோம். பிறகுதான் அகராதி. அதுவும் எல்லாப் புள்ளிக்கும் அன்று. கதையை அறுத்த சொல்லுக்கும், மூன்று முறைக்கு மேல் வந்து வந்து நின்ற சொல்லுக்கும் மட்டும். இயலுக்கு ஐந்து சொற்கள் என்று வரம்பு. பார்க்கும் முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தைச் சொல்லியாக வேண்டும். ஊகித்துவிட்டுச் சரிபார்த்த சொல் நெஞ்சில் தங்குகிறது. கேட்காமல் கிடைத்த பொருள் காற்றோடு போகிறது.

ஒரு முறை கண்டு கடந்த சொல் நமக்குச் சொந்தமாகிவிடாது என்பதும் உண்மை. அது முகம் பார்த்த பழக்கம் மட்டுமே. நட்பாக வேண்டுமானால் பல முறை சந்திக்கவேண்டும். அதற்குத்தான் நிற்காமல் படிக்கச் சொல்கிறேன். ஒன்பது இரவில் பதினொரு பக்கம் படித்தவனுக்கு அந்தச் சொல் இரண்டாம் முறை எதிர்ப்படவே இல்லை!

அப்படி இரண்டாம் முறை எதிர்ப்பட்ட ஒரு சொல்லால்தான் எங்கள் வகுப்பு அழுதது. ‘நாக்கர்’ என்பது அச்சொல். முதல் இயலில் கிழட்டுப் பன்றி ஒன்று பாக்சரிடம் சொல்கிறது: உன் தசைகள் தளரும் நாளில் முதலாளி உன்னை நாக்கரிடம் விற்றுவிடுவான், அவன் உன் கழுத்தை அறுத்து, வேட்டை நாய்களுக்கென்று உன்னை வேகவைப்பான். சொல்லும் அதன் பொருளும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. நாங்கள் புள்ளி வைத்துவிட்டுப் போனோம்.

ஒன்பதாம் இயல். உழைத்து உழைத்துப் பாக்சர் விழுந்துவிடுகிறது. மருத்துவமனைக்கு என்று சொல்லி அதை ஒரு மூடுவண்டியில் ஏற்றுகிறார்கள். விலங்குகள் கூடிநின்று வழியனுப்புகின்றன. வண்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. எவர் கண்ணிலும் படுகிறது. எவர் கருத்திலும் படவில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்திருந்தும் வாழ்நாள் முழுதும் வாய்மூடி இருந்த பெஞ்சமின் என்னும் கழுதை அன்றுதான் கத்துகிறது. எழுத்தைப் படித்துக் காட்டுகிறது. பாக்சரைக் கொண்டுபோவது நாக்கரிடம் என்கிறது!

கடைசி வரிசைப் பையன், என் விளக்கத்துக்குக் காத்திராமல், “சார், கறிக்குப் போடறாங்க சார்!” என்று எழுந்து நின்றுவிட்டான். எட்டு இயல்களுக்கு முன் வைத்த புள்ளி, அவன் நெஞ்சில் சொல்லாக முளைத்திருந்தது. அகராதி சொல்லிக்கொடுத்ததா? ஆசிரியன் சொல்லிக்கொடுத்தேனா? கதை சொல்லிக்கொடுத்தது.

வண்டி போய்விட்டது. மூன்று நாள் கழித்துப் பன்றி ஒன்று வந்து, அது முன்பு நாக்கருடைய வண்டி, மருத்துவர் விலைக்கு வாங்கினார், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லை என்று விளக்கம் சொல்கிறது. விலங்குகள் நம்பின. அன்று வகுப்பு முடிந்து நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் தயங்கித் தயங்கி மேசை அருகே வந்தான்.

“சார், அந்தப் பொஸ்தகத்த ஊட்டுக்குக் கொண்டு போட்டுங்களா? இன்னும் ஒரு பாடந்தானுங்க இருக்குது. நாளைக்கு வரைக்கும் பொறுக்காதுங்க.”

கொடுத்தேன். அகராதியும் வேண்டுமா என்று கேட்டேன்.

“அப்பறமா பாத்துக்கறனுங்க” என்றான்.